ஒன்றாய்ச் சேர்ந்த நாடுகளும் எங்கள் சித்திரபுரமும்

என் மகளுக்குப் பத்தாம் வகுப்புச் சரித்திரப் பாடத்தில் முதல் பாடமே ஐரோப்பாதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்னச் சின்ன ராஜ்யங்கள் சேர்ந்து இத்தாலி என்றும் ஜெர்மனி என்றும் எப்படி இரண்டு பெரிய நாடுகள் ஆயின என்று பக்கம் பக்கமாக வருகிறது. கரிபால்டி, காவூர், பிஸ்மார்க் என்ற பெயர்களைக் குழந்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "ஏம்ப்பா, எல்லாரும் ஒண்ணா சேர்ந்தாங்கன்னு போட்டிருக்கே, யாருக்குமே நஷ்டம் வரலையா?" என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நஷ்டக் கணக்கு அதில் அவ்வளவாக இல்லை.

அப்போதுதான் எனக்கு எங்கள் சித்திரபுரம் வீடு நினைவுக்கு வந்தது. மூணாறுக்குக் கீழே, பள்ளிவாசல் மின்நிலையத்தை ஒட்டிய ஊர். என் தாத்தா 1930களின் கடைசியில் தேனிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு வழியாக நடந்தே மேலே வந்தவர். மின்நிலைய வேலை நடந்த காலம் அது. 1940-ல் அந்த நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு, தேயிலைத் தோட்டத்தில் பெயர் கொடுத்து லயத்தில் குடியேறினார். அதன் பிறகு அவர் இடம் மாறவே இல்லை. ஆனால் அவர் இருந்த இடம் மாறிக்கொண்டே இருந்தது. வந்தபோது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி. 1956-ல் கேரளம். 1972-ல் கோட்டயம் மாவட்டம் போய் இடுக்கி மாவட்டம் ஆயிற்று. ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடியே மூன்று ராஜ்யங்களைப் பார்த்த மனிதர்.

ஆகவே மகளுக்குப் பதில் சொல்ல ஐரோப்பாவையும் எங்கள் ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். அதைச் சங்க மலருக்கு எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டதால் இந்தக் கட்டுரை. நம்மில் பலருடைய குடும்பக் கதையும் ஏதோ ஒரு எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததுதான் என்பதால் வாசகர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் ராஜாக்களைப் பார்ப்போம். இணைப்பு என்றதும் நாம் நினைப்பது அவர்களைத்தானே.

1859-க்கு முன் இத்தாலி என்பது ஒரு நாட்டின் பெயர் அல்ல. வடமேற்கில் பியட்மாண்ட், அதற்குச் சார்டீனியா தீவும் சொந்தம், தலைநகர் டூரின். பக்கத்தில் மிலானும் வெனிஸும் ஆஸ்திரியாவின் கையில். நடுவில் சில சிற்றரசுகளும் போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியும். தெற்கே நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த ஒரு பெரிய ராஜ்யம். இவற்றில் பியட்மாண்டின் மந்திரியான காவூர், பிரான்ஸின் துணையோடு 1859-ல் ஆஸ்திரியாவுடன் போரிட்டு மிலானைப் பெற்றார். அந்த உதவிக்கு விலையாக 1860-ல் சவாய், நீஸ் இரண்டையும் பிரான்ஸுக்குக் கொடுத்தார். நீஸ் நகரம் கரிபால்டி பிறந்த ஊர். அவர் அதே ஆண்டு மே மாதம் ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களோடு கப்பலேறிச் சிசிலியில் இறங்கி, தெற்கு ராஜ்யம் முழுவதையும் வென்று பியட்மாண்ட் மன்னரிடம் ஒப்படைத்தார். நாட்டுக்கு நாட்டைச் சேர்த்துக் கொடுத்தவருக்குத் தன் பிறந்த ஊர் வெளிநாடாகிவிட்டது. இது எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனக்கிற இடம்.

1861 மார்ச் 17 அன்று இத்தாலி ராஜ்யம் பிறந்ததாக அறிவித்தார்கள். அதன் முதல் மன்னர் தன்னை "இரண்டாம்" விக்டர் இம்மானுவேல் என்றே தொடர்ந்து அழைத்துக்கொண்டார். பியட்மாண்டில் அவர் இரண்டாமவர். இத்தாலிக்கு முதல்வர் அல்லவா? அந்த ஒரு எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. புதிய நாடு ஒன்று பிறந்தது என்பதைவிடப் பழைய பியட்மாண்ட் பெரிதாயிற்று என்பதே அவர்கள் நினைப்பு. சட்டம், அரசியலமைப்பு, அதிகாரிகள் எல்லாம் டூரினிலிருந்தே தெற்கே போயின. நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் பிரான்சிஸ் கடைசிவரை ஒரு கோட்டையில் நின்று போராடி 1861 பிப்ரவரியில் சரணடைந்தார். பிறகு 1894-ல் இறக்கும்வரை ராஜ்யம் இல்லாத ராஜாவாகவே வாழ்ந்தார்.

ஜெர்மனியில் பிரஷ்யாதான் பியட்மாண்டின் இடத்தில். 1866-ல் ஆஸ்திரியாவைத் தோற்கடித்த கையோடு, எதிர்ப்பக்கம் நின்ற ஹனோவர் போன்ற ராஜ்யங்களை பிஸ்மார்க் அப்படியே விழுங்கிவிட்டார். ஹனோவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கண்பார்வை இல்லாதவர். அவரை நாடு கடத்தி, சொத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தின் வருமானம் எங்கே போயிற்று என்பது வேடிக்கை. பத்திரிகைகளைத் தம் பக்கம் எழுதவைக்க ஒரு பகுதி. பவேரியாவின் மன்னர் இரண்டாம் லுட்விக்குக்கு ரகசியமாக ஒரு பகுதி. "பிரஷ்ய மன்னரே எல்லா ஜெர்மானியருக்கும் சக்கரவர்த்தி ஆகவேண்டும்" என்ற கருத்தில் 1870-ல் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் இந்த லுட்விக்தான். கோட்டை கோட்டையாகக் கட்டிக் கடனில் மூழ்கியிருந்தவர் அவர். ஒரு ராஜாவிடம் பிடுங்கிய பணத்தை வைத்தே இன்னொரு ராஜாவைச் சம்மதிக்க வைத்தார்கள்.

ஆனால் பவேரியா சும்மா சேரவில்லை. தன் தபால், தன் ரயில், பீர் மீதான வரி, அமைதிக் காலத்தில் தன் சேனை ஆகியவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆக, சிற்றரசர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன என்று மகளிடம் சொன்னேன். போரிட்டு ஓடுவது, பறிகொடுப்பது, பேரம் பேசிச் சேருவது.

எங்கள் மகாராஜா மூன்றாவது வழியில் வந்தவர். ஆனால் நேராக வந்துவிடவில்லை. 1947 ஜூன் 11 அன்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்தார். கடற்கரை, துறைமுகம், தோரியம் கலந்த மணல், தேயிலை, மலைமேல் மின்சாரம் எல்லாம் இருக்கும் ராஜ்யம் தனியாக நிற்க முடியாதா என்பது அவர் கணக்கு. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஒரு இசை நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது அவரைக் கத்தியால் வெட்டினார்கள். உயிர் தப்பினார். அடுத்த சில நாட்களில் மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவில் சேரச் சம்மதித்துத் தந்தி கொடுத்தார். அப்போது ஒப்படைத்தவை பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு என்ற மூன்று மட்டுமே. இரண்டே ஆண்டுகளில், 1949 ஜூலை 1 அன்று, ராஜ்யமே கொச்சியோடு சேர்ந்து ஒரு மாநிலமாகிவிட்டது.

சர்தார் பட்டேலை இந்தியாவின் பிஸ்மார்க் என்று பலரும் எழுதுவார்கள். எனக்கு அந்த ஒப்பீட்டில் முழு உடன்பாடு இல்லை. ஹனோவர் மன்னரைப் போல யாரையும் நாடு கடத்திச் சொத்தைப் பிடுங்குவது இங்கே பொது வழக்கமாக இருக்கவில்லை. மகாராஜாவுக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் மானியமும், இணைந்த மாநிலத்துக்கு ராஜப்பிரமுகர் என்ற பதவியும் கிடைத்தன. பதவி 1956-ல் முடிந்தது. மானியம் 1971-ல் அரசியலமைப்புத் திருத்தத்தால் நின்றது. கோவில்களுக்காக அவர் கேட்டுப் பெற்ற தொகை மட்டும் இன்றும் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கேரள அரசு ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு நாற்பத்தாறரை லட்சமும், தமிழ்நாட்டு அரசு 1956-ல் இந்தப் பக்கம் வந்த கோவில்களுக்குப் பதின்மூன்றரை லட்சமும் தரவேண்டும் என்பது 290-ஏ பிரிவு. ராஜ்யம் போய்விட்டது, நைவேத்தியக் கணக்கு நிற்கிறது.

கொச்சி அளவில் சிறியது. ஜனத்தொகையில் திருவிதாங்கூரின் நாலில் ஒரு பங்குதான். ஆகவே தலைநகர் திருவனந்தபுரம் என்று ஆனபோது அவர்களுக்கு மனக்குறை வராமலிருக்க உயர்நீதிமன்றத்தை எர்ணாகுளத்தில் வைத்தார்கள். இன்றைக்கும் தலைநகர் ஓரிடம், நீதிமன்றம் ஓரிடம். இது சாமானியமான சமாதானம் அல்ல. 1864 செப்டம்பரில் இத்தாலியின் தலைநகரை டூரினிலிருந்து பிளாரன்ஸுக்கு மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது டூரின் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டதில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். எல்லாவற்றையும் வென்ற ஊருக்கே அந்த கதி!

இனி நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள். இங்கேதான் மகள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது.

சிசிலி விவசாயிகள் கரிபால்டியை வரவேற்றது ஒற்றுமைக்காக அல்ல, நிலத்துக்காக. நிலம் பங்கு கிடைக்கும் என்று நம்பினார்கள். பிரான்ட்டே என்ற ஊரில் நிலம் கேட்டுக் கலகம் வெடித்து, கொலைகளும் நடந்தன. கரிபால்டியின் தளபதியான பிக்ஸியோ வந்து, அவசர விசாரணை நடத்தி, 1860 ஆகஸ்ட் 10 அன்று ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். பிறகு பியட்மாண்டின் குறைந்த சுங்கவரியைத் தெற்குக்கும் ஒரேயடியாக நீட்டினார்கள். அதுவரை உயர்ந்த வரிச் சுவருக்குள் வளர்ந்த நேப்பிள்ஸ் ஆலைகள் வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் திணறின. எல்லா ராஜ்யங்களின் கடனும் ஒரே பேரேட்டில் ஏறியது. அதில் பெரும்பங்கு போருக்காக பியட்மாண்ட் வாங்கிய கடன். கட்டுவது மட்டும் எல்லோரும் சேர்ந்து. ஓட்டுரிமை இருந்ததோ நூற்றுக்கு இரண்டு பேருக்கு.

அந்தக் கடனை அடைக்க அவர்கள் கண்டுபிடித்த வரி ஒன்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மாவு மில்லில் கல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அந்தச் சுற்றுக் கணக்கை வைத்து மில்காரர் அரசுக்கு வரி கட்ட, அவர் அதைக் கோதுமை கொண்டுவரும் ஏழையிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். 1869 ஜனவரியில் இந்த வரி வந்தது. ரொட்டியும் கூழும் சாப்பிடுகிற ஒவ்வொரு வீடும் வரி கட்டியது. பல ஊர்களில் கலகம் நடந்து இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தெற்கிலே அதற்கு முன்பிருந்தே, 1861 முதல், கட்டாயப் பட்டாளச் சேர்க்கைக்கும் புதிய வரிகளுக்கும் தப்பியவர்கள் காட்டுக்குள் கூட்டம் கூட்டமாகத் திரண்டிருந்தார்கள். அரசு அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றது. அடக்குவதற்கு 1863-ல் தனிச் சட்டம் போட்டு ராணுவ நீதிமன்றம் வைத்தது. பின்னால் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி இந்தத் தெற்கத்தி ஜனங்கள்தான்.

லாபமே இல்லையா என்றால், உண்டு. உள்சுங்கம் போயிற்று. ரயில் பாதை ஊருக்கு ஊர் இணைந்தது. வடக்கத்தி ஆலைகளுக்குப் பெரிய சந்தை கிடைத்தது. ஜெர்மனியில் இந்த லாபம் இன்னும் தெளிவு. 1834-லேயே பிரஷ்யாவைச் சுற்றிப் பல ராஜ்யங்கள் சேர்ந்து தங்களுக்குள் சுங்கத்தை எடுத்துவிட்டன. அரசியல் இணைப்பு பிறகுதான் வந்தது. வியாபாரிக்கு அது வரப்பிரசாதம். ஆனாலும் 1866-ல் பிராங்க்பர்ட் என்ற சுதந்திர நகரத்தைப் பிரஷ்யா பிடித்தபோது இரண்டரைக் கோடி கில்டர் தண்டம் கேட்டது. அதற்குத் தன் ஊர்ப் பணக்காரர்களின் பட்டியலைக் கொடுக்க மனமில்லாமல் அந்நகரின் மேயர் பெல்னர் தூக்கிட்டுக் கொண்டார்.

எங்கள் பக்கம் சுங்கம் போனதைத் தாத்தா நல்ல நினைவாகவே சொல்வார். போடிமெட்டில் சௌக்கை இருந்த காலத்தில் ஊரிலிருந்து வருகிறவர்கள் புகையிலையை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வருவார்களாம். அது போனதில் அவருக்குச் சந்தோஷம். பாட்டி மட்டும் கடைசிவரை சில்லறைக் காசைச் "சக்கரம்" என்றே சொன்னாள். திருவிதாங்கூர் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். ராஜ்யத்துக்கென்று "அஞ்சல்" என்ற சொந்தத் தபால் இருந்தது. அது 1951-ல் இந்தியத் தபாலோடு கரைந்தது. பவேரியா 1920 வரை தன் தபால்தலையை விடாமல் வைத்திருந்ததைப் படிக்கும்போதெல்லாம் நான் அஞ்சலை நினைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி எல்லையோர ஜனங்களுடையது. நாடுகள் சேரும்போது கோடுகள் அழிகின்றன என்று பாடப்புத்தகம் சொல்கிறது. புதிய கோடுகள் போடப்படுகின்றன என்பதைச் சொல்வதில்லை.

ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவே ஷ்லெஸ்விக் என்ற பகுதி. 1864 போரில் டென்மார்க் அதை இழந்தது. தெற்கே ஜெர்மன் பேசுவார்கள், வடக்கே டேனிஷ். 1866-ல் கையெழுத்தான பிராக் உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவில் ஒரு வாக்குறுதி எழுதப்பட்டது. வடபகுதி மக்கள் விரும்பி வாக்களித்தால் டென்மார்க்கோடு சேரலாம் என்பது அது. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1878-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தங்களுக்குள் பேசி அந்தப் பிரிவையே ரத்து செய்துகொண்டன. சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. 1888-ல் பள்ளிக்கூடங்களில் மதபாடம் தவிர மற்றெல்லாம் ஜெர்மன் ஆயிற்று. முதல் உலகப்போரில் அந்த டேனிஷ் குடும்பத்துப் பிள்ளைகள் ஜெர்மன் சீருடையில் போய் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஜெர்மனி தோற்ற பிறகு, 1920 பிப்ரவரியில்தான் அந்த வாக்கெடுப்பு நடந்தது. வடபகுதியில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் டென்மார்க் என்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு தேவிகுளம் தாலுக்காதான் தெரிந்தது. சித்திரபுரம் அந்தத் தாலுக்காவில்தான் இருக்கிறது.

அந்த மலை முதலில் பூஞ்ஞாறு அரசரின் உரிமையில் இருந்தது. அவர் 1877-ல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு விட்டார். 1899-ல் பூஞ்ஞாற்றின் உரிமை திருவிதாங்கூருக்கு வந்தது. ஒரு சிறிய அரசு பெரியதில் கரைந்த முதல் கதை எங்கள் மலையில் இதுவே. தோட்டம் போட்டவர்கள் வேலைக்கு ஆள் பிடித்தது கங்காணிகள் மூலம் மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து. அதனால் 1951 ஜனத்தொகைக் கணக்கிலும் தேவிகுளம் தாலுக்காவில் தமிழர்தான் பெரும்பான்மை.

தெற்கே நாகர்கோவிலில் 1945-ல் தொடங்கிய இயக்கம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று வளர்ந்தது. நேசமணி அதன் தலைவராக எழுந்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்றார்கள். 1954 ஜூலையில் தேவிகுளத்தில் தடை உத்தரவை மீறி நேசமணியும் தோழர்களும் கைதானார்கள். ஆகஸ்ட் 11 அன்று தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அப்போது ஆட்சியிலிருந்த பட்டம் தாணுப்பிள்ளை அரசு, மலைத்தாலுக்காக்களில் ஆளுக்கு ஐந்து ஏக்கர் என்று நிலம் கொடுத்துக் கீழ்நாட்டு மலையாளக் குடும்பங்களைக் குடியேற்றும் திட்டத்தைத் தொடங்கியது. உணவு உற்பத்திக்காக என்றார்கள். பஞ்ச காலம், அதிலும் உண்மை இருந்தது. ஆனால் எல்லைக் கணக்கும் அதற்குள் இருந்தது என்பது எங்கள் பக்கத்துக் கிழவர்களின் ஒருமித்த பேச்சு.

மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தந்தது. தெற்கத்தித் தாலுக்காக்களைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டு, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கே விட்டது. தோட்டத் தமிழர் வந்து போகிறவர்கள், நிலையான குடிகளாக அவர்களைக் கணக்கிட முடியாது என்பது ஒரு காரணம். மலையின் பொருளாதார முக்கியத்துவம் இன்னொன்று. பள்ளிவாசல் மின்சாரத்தை நம்பித்தான் ஆலுவாயில் அலுமினியம், உரத் தொழிற்சாலைகள் எழுந்திருந்தன. நாஞ்சில் நாட்டு நெல்வயலையும் இழந்து, இந்த மலையையும் இழந்தால் கேரளத்துக்கு என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்டதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் தாத்தாவை வந்து போகிறவர் என்றதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த மின்நிலையத்துக்குச் சாமான் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். 1956 நவம்பர் 1 அன்று கோடு விழுந்தது. செங்கோட்டைத் தாலுக்காவையே நடுவில் பிளந்து மேற்குப் பாதியைக் கேரளத்தில் வைத்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்துகொண்டு இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. இதுவும் ஒரு வேடிக்கை.

சித்திரபுரத்தில் யார் பெற்றது, யார் இழந்தது? லாபத்தை முதலில் சொல்கிறேன். கூலிச் சட்டங்களும், தொழிற்சங்கமும், பள்ளியும், ஆஸ்பத்திரியும் கேரளத்தில் நன்றாகவே வந்தன. தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தன. நான் தமிழில் எழுதுவது அங்கே படித்ததால்தான். தொடக்கப்பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்க வசதி வேண்டும் என்ற 350-ஏ பிரிவு அதே 1956-ல், அதே சீரமைப்போடு அரசியலமைப்பில் சேர்ந்தது. தேவிகுளத்துச் சட்டமன்ற உறுப்பினர் 2021-ல் திருவனந்தபுரத்தில் தமிழிலேயே பதவி ஏற்றார்.

நஷ்டம் ஒரு தேதியில் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அது முதலில் அறிவிக்கப்பட்ட நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்த நாளுக்கு முன்பே குடும்பம் அங்கே குடியிருந்ததாகக் காட்டினால்தான் அந்த மாநிலத்தில் சாதிச் சான்றிதழ் கிடைக்கும். அதற்குப் பிறகு வந்தவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், வேறு மாநிலத்தவர். லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்தவனுக்குப் பட்டா ஏது, வீட்டுவரி ரசீது ஏது? வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. கிராம ஆவணங்களில் அவன் பெயரே இராது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. பெரியப்பா மகனுக்குக் கல்லூரியில் இடம் வந்தபோது சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார் பெரியப்பா. "தாத்தா எந்த வருஷம் வந்தார்? எழுத்தில் காட்டுங்கள்" என்றார்கள். கேள்வி மலையாளத்தில் அச்சடித்த தாளில் இருந்தது. அதை நிரப்பவே ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம். தோட்டத்துச் செக்ரோல் பழையது எதுவும் கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, பெரியப்பா முதன்முதலில் சேர்ந்த தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஒரு அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. 1948 ஜூன். தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், சாதி மூன்றும் ஒரே வரியில். இரண்டு வருஷ வித்தியாசத்தில் பையன் பிழைத்தான். பக்கத்து லயத்தில் 1951-ல் வந்த குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் பிள்ளைகளும் எங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஷ்லெஸ்விக்கில் என்ன ஆயிற்று என்று மகள் கேட்டாள். 1955 மார்ச்சில், நம் ஆணையம் அறிக்கை தந்த அதே ஆண்டில், ஜெர்மனியும் டென்மார்க்கும் ஆளுக்கொரு பிரகடனம் செய்தன. எல்லையை மாற்றவில்லை. யார் தன்னை டேனிஷ்காரர் என்கிறாரோ, யார் ஜெர்மானியர் என்கிறாரோ, அதை அதிகாரிகள் சோதித்துப் பார்க்கக்கூடாது என்று எழுதினார்கள். அந்தந்தச் சிறுபான்மைக்குச் சொந்தப் பள்ளிக்கூடங்கள் இரண்டு பக்கமும் இன்றுவரை நடக்கின்றன.

"சோதிக்கக் கூடாதுன்னா, பேப்பர் கேக்கமாட்டாங்களாப்பா?" என்றாள். மாட்டார்கள் என்றேன். பிறகு பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் பேசி, அந்தப் பதிவேட்டு நகலை லாமினேட் செய்து ஆளுக்கொன்று அனுப்பச் சொன்னேன். அவர் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்.